மெல்பேர்ணில் நள்ளிரவு தாண்டிவிடுமே, அக்காவுக்கு எப்படி வாழ்த்துச் சொல்வது?

வாவிக்கரை (கல்லடி), மார்ச் 5, 2026

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விஷயம்தான், ஆனால் இரண்டு நாளாக அதே யோசனையாக இருக்கிறது.

நாங்கள் ஆறு பேர் சேர்ந்து மருத்துவத் துண்டுப்பிரசுரங்களைத் தமிழில் மொழிபெயர்க்கிறோம். நானும் இன்னொருவரும் மட்டக்களப்பில், ஒரு நானா அக்கரைப்பற்றில், ஒரு தம்பி லண்டனில், ஒருங்கிணைப்பாளர் ரொறன்ரோவில். எங்கள் எல்லோருக்கும் மூத்த அக்கா மெல்பேர்ணில் இருக்கிறார். களுவாஞ்சிக்குடிதான் அவருடைய ஊர். ஒவ்வொரு செவ்வாயும் எங்கள் நேரம் இரவு ஏழு மணிக்கு வீடியோவில் கூடுவோம். வருகிற செவ்வாய், 10ஆம் திகதி, அக்காவின் பிறந்தநாள். குழுவின் சார்பில் நான் வாழ்த்துச் சொல்ல வேண்டும்.

நமக்கு ஏழு மணி என்றால் மெல்பேர்ணில் 12.30. அங்கே 11ஆம் திகதி பிறந்துவிடும். பிறந்தநாள் முடிந்த பிறகு என்ன சொல்வது? "பிந்திய வாழ்த்து" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏதோ மறந்துபோய்ச் சொல்வது மாதிரி இருக்கிறது.

இன்னொன்று. போன வருடம் லண்டன் தம்பிக்கு எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடினோம். ஒருவர் ஒரு வரியில், இன்னொருவர் அடுத்த வரியில். குரல்கள் அறுந்து அறுந்து வந்தன. தம்பி முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டு முடியும்வரை காத்திருந்தான். அது அக்காவுக்கு நடக்கக் கூடாது. வாழ்த்து சுருக்கமாக இருக்க வேண்டும், ஆனால் மனதில் நிற்க வேண்டும். எழுதி அனுப்புவது இல்லை, வாயால் சொல்வது. உதவுங்கள்.

---

பூவரசு (கல்முனை)

தங்கச்சி, நான் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வாழ்த்துமடல் எழுதிக் கொடுப்பேன். இதை எடுத்துக்கொள்ளுங்கள்:

"அன்பின் உருவே, அறிவின் திருவே, ஆற்றல் மிகு மங்கையே, மீன்பாடும் தேன்நாட்டின் மகளே, பல்லாண்டு பல்லாண்டு பலகோடி நூறாண்டு நலமும் வளமும் பெற்று நீடூழி வாழ்க என வாழ்த்தும் அன்பு நெஞ்சங்கள்."

கீழே உங்கள் ஆறு பேரின் படத்தையும் போட்டால் அழகாக வரும்.

---

வாவிக்கரை

நன்றி அண்ணா. மடலுக்கு இது நல்லா இருக்கும், ஆனால் எனக்கு வாயால் சொல்ல வேண்டும். உங்கள் வரிகளைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "நீடூழி" வரும்போது மேடையில் நிற்கிறது மாதிரி குரல் மாறிவிடுகிறது. அக்காவோடு நான் அப்படிக் கதைப்பதில்லை.

---

களுவாஞ்சி (களுவாஞ்சிக்குடி)

நேரக்கணக்கில் பிழை இருக்கிறது. என் மச்சான் மெல்பேர்ணில்தான். அவர்கள் நமக்கு நாலரை மணித்தியாலம் முன்னால். ஏழோடு நாலரை, பதினொன்றரை. அக்காவின் பிறந்தநாள் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கும். பயப்படாமல் சொல்லுங்கள்.

---

பாசிக்குடா (வாழைச்சேனை)

களுவாஞ்சி அண்ணா, நாலரை என்பது ஏப்ரலில் இருந்து ஒக்டோபர் தொடக்கம் வரைக்கும்தான் சரி. அங்கே கோடைகாலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுவார்கள். இந்த வருடம் அது ஏப்ரல் 5ஆம் திகதிதான் திரும்பும். இப்போது மெல்பேர்ண் நமக்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அதனால் வாவிக்கரையின் 12.30 என்ற கணக்கு சரி, போன செவ்வாய்க்கு.

வருகிற செவ்வாய்க்கு அது சரியா என்பதுதான் கேள்வி. நான் நாலு நாடுகளில் இருக்கிற ஆட்களுக்கு வேலைநேர அட்டவணை போடுகிறவன், மார்ச் மாதம் எனக்கு ஒவ்வொரு வருடமும் தலையிடி. இலங்கையில் மணிக்கூடு அசையாது. ரொறன்ரோவில் இந்த ஞாயிறு, 8ஆம் திகதி, ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போகிறது. லண்டனில் 29ஆம் திகதிதான். ஆகவே வாவிக்கரை, ஒன்று சொல்லுங்கள்: அந்தக் கூட்டத்தை நாட்காட்டியில் போட்டவர் யார்? நீங்களா, ரொறன்ரோ ஒருங்கிணைப்பாளரா?

---

வாவிக்கரை

ஒருங்கிணைப்பாளர்தான். அவருக்குக் காலை 8.30. அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

---

பாசிக்குடா

முழுத் தொடர்பும் அதில்தான். நாட்காட்டியில் பதிந்த கூட்டம், அதைப் பதியும்போது எந்த ஊர் நேரத்தில் வைத்தார்களோ அந்த ஊர் மணிக்கூட்டோடு கட்டுப்பட்டிருக்கும். அவர் ரொறன்ரோ நேரம் 8.30 என்று போட்டிருந்தால், அவருக்கு எப்போதும் 8.30தான். அங்கே மணிக்கூடு முன்னுக்குப் போனதும் மற்ற எல்லோருக்கும் கூட்டம் ஒரு மணித்தியாலம் முந்தி வரும்.

இப்படிப் பாருங்கள். போன செவ்வாய் அவருக்கு 8.30 என்றால் லண்டனில் பகல் 1.30, நமக்கு இரவு 7.00, மெல்பேர்ணில் அடுத்த நாள் 12.30. வருகிற செவ்வாய் அவருக்கு அதே 8.30. ஆனால் லண்டனில் 12.30, நமக்குப் பின்னேரம் 6.00, மெல்பேர்ணில் இரவு 11.30, அதே 10ஆம் திகதி. களுவாஞ்சி அண்ணா சொன்ன பதினொன்றரை வந்துவிட்டது, அவர் சொன்ன காரணத்தால் இல்லை.

ஆனால் இதை நம்பி இருக்க வேண்டாம். நாட்காட்டியில் அந்த நிகழ்வைத் திறந்து 10ஆம் திகதிக்கு உங்களுக்கு எத்தனை மணி காட்டுகிறது என்று பாருங்கள். ஆறு காட்டினால் ரொறன்ரோ நேரத்தில் கட்டியிருக்கிறார். ஏழு காட்டினால் இலங்கை நேரத்தில் கட்டியிருக்கிறார், அப்போது அவருக்குத்தான் 9.30 ஆகும், அக்காவுக்குப் பிறந்தநாள் முடிந்திருக்கும்.

---

வாவிக்கரை

பார்த்தேன். ஆறு மணி! செவ்வாய் ஏழு மணிக்கு என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கூட்டமே முடிந்திருக்கும். நானாவுக்கும் உடனே சொல்லிவிட்டேன், அவரும் கவனிக்கவில்லை.

---

படுவான்கரை ஐயா (கொக்கட்டிச்சோலை)

பிள்ளைகள், இதை வாசிக்க எனக்குப் பழசெல்லாம் ஞாபகம் வருகிறது. இலங்கையில் மணிக்கூடு அசையாது என்று தம்பி சொன்னது இப்போதைக்குச் சரி. 1996இல் நம் நாட்டிலும் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருடம் பிறகு அரை மணித்தியாலம் குறைத்தார்கள். 2006 சித்திரையில்தான் மறுபடி இப்போதைய நேரத்துக்கு வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களில் பழைய நேரமே ஓடியது. ஒரு கலியாணத்துக்குச் சொல்லப் போனால்கூட "பழைய நேரமா, புது நேரமா?" என்று கேட்டுத்தான் குறித்துக்கொள்வோம். வாவிக்கு இந்தப் பக்கம் ஒரு நேரம், அந்தப் பக்கம் ஒரு நேரம். கடலுக்கு அப்பால் இருக்கிற பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்ல நீங்கள் இவ்வளவு கணக்குப் பார்ப்பது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை.

வாழ்த்தை முந்திச் சொல்லாதே மகள். பிந்தினாலும் பரவாயில்லை, நாளுக்கு முன்னம் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

---

ஒலிக்கூடம் (மட்டக்களப்பு)

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒலிப்பதிவு வேலை செய்கிறவன். போன வருடம் நடந்தது உங்கள் ஆட்களின் பிழை இல்லை, இணைப்பின் பிழைகூட இல்லை.

நீங்கள் பாடுவது லண்டனுக்குப் போய்ச் சேர ஒரு சின்ன இடைவெளி எடுக்கும், ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு என்று வையுங்கள். தம்பி உங்கள் குரலைக் கேட்டு அதோடு சேர்ந்து பாடுகிறார். அவருடைய குரல் உங்களுக்கு வர அதே அளவு நேரம். ஆகவே உங்களுக்கு அவர் பின்னுக்கு இழுப்பது மாதிரிக் கேட்கும். அவருக்காக நீங்கள் மெதுவாக்குவீர்கள், அவர் இன்னும் மெதுவாக்குவார். ஆறு பேர் இப்படிச் செய்தால் பாட்டு நின்றே போகும். இதற்கு மேல், பல பேர் ஒன்றாகக் குரல் கொடுத்தால் மென்பொருள் சத்தம் கூடிய குரலை முன்னால் எடுத்து மற்றவற்றை அமுக்கும். அறுந்து அறுந்து கேட்டது அதனால்தான்.

அதனால் பாட்டு வேண்டுமென்றால் ஒருவர் மட்டும் பாடட்டும், மற்ற எல்லோரும் மைக்கை மூடிக்கொண்டு வாயசைக்கட்டும். அக்காவுக்கு ஒரே குரல் தெளிவாகக் கேட்கும், எல்லா முகங்களும் பாடுவது தெரியும்.

கைதட்டையும் நம்ப வேண்டாம். பின்னணிச் சத்தத்தைக் குறைக்கிற வசதி கைதட்டைச் சத்தம் என்று நினைத்து அழித்துவிடும். நீங்கள் தட்டுவீர்கள், அங்கே அமைதியாக இருக்கும். கையை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கி ஆட்டுங்கள், அது தெரியும்.

---

தாழங்காய் (காத்தான்குடி)

ஒன்று சொல்லலாமா? உங்கள் குழுவில் அக்கரைப்பற்று நானா இருக்கிறார் என்றீர்கள். அவர் எப்படி என்று எனக்குத் தெரியாது, என்னைப் பற்றித்தான் சொல்கிறேன். நான் பிறந்தநாள் கொண்டாடுவதில்லை, என் வீட்டிலும் இல்லை. வேலையிடத்தில் யாருக்காவது பாடத் தொடங்கினால் எனக்கு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது. கமராவில் ஆறு முகத்தில் ஒரு முகம் மட்டும் வாயசைக்காமல் இருந்தால் எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர்மேல் எனக்கு அன்பு இல்லை என்று அவர் நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கும்.

ஆனால் "அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தைத் தரட்டும்" என்று சொல்லச் சொன்னால் முழு மனதோடு சொல்வேன். ஒருவர் எல்லோருக்காகவும் கதைப்பது எனக்கு மிகவும் இலகுவான முறை.

---

மருதமுனையான் (மருதமுனை)

எங்கள் வீட்டில் கேக் வெட்டுவோம், பிள்ளைகளுக்குப் பாடவும் செய்வோம். எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. நானாவிடம் முன்கூட்டியே கேட்பது அவருக்குச் சங்கடமாக இருக்கலாம், "இவர் ஏதோ பிரச்சினைக்காரர்" என்பது மாதிரி. என்னைக் கேட்டால் கேட்காமல் விடுவதுதான் மரியாதை.

---

தாழங்காய்

நான் அப்படி நினைக்கவில்லை நானா. தனியாக ஒரு குரல் செய்தியில் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

---

வாவிக்கரை

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு விளங்குகிறது. பாட்டையே விட்டுவிடலாம் என்று முடிவு செய்கிறேன். அப்போது யாரையும் கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

எழுதிப் பார்த்தது இது. சரியா சொல்லுங்கள்:

"எல்லாருக்கும் வணக்கம். லண்டன்ல மத்தியானம், கனடாவில காலை, எங்களுக்குப் பின்னேரம், அக்காவுக்கு இரவு. இன்று எங்கட அக்காவின் பிறந்தநாள். அக்கா ஒரு நல்ல மொழிபெயர்ப்பாளர், நல்ல வழிகாட்டி, எங்கள் எல்லாருக்கும் ஒரு தாய் மாதிரி. எவ்வளவு வேலை இருந்தாலும் சிரித்த முகத்தோட உதவி செய்வா. அவர் எல்லா வளமும் பெற்று வாழ இறைவனைப் பிரார்த்திக்கிறோம். இனிய பிறந்தநாள் வாழ்த்துகள் அக்கா."

---

ஒலிக்கூடம்

நேரங்களை வாசிக்க வேண்டாம். அவரவருக்குத் தன் ஊர் நேரம் தெரியும், அக்காவின் நேரம் மட்டும்தான் இங்கே பேச்சு. அப்புறம், முதல் சொல்லே "அக்கா" என்று இருக்கட்டும். பெயரோ உறவோ முதலில் விழுந்தால் அவர் திரும்பிப் பார்ப்பார். நீங்கள் எழுதியதில் ஆறாவது வாக்கியம் வரைக்கும் அவரைப் பற்றி மற்றவர்களிடம்தான் கதைக்கிறீர்கள்.

---

பாசிக்குடா

"நல்ல வழிகாட்டி, தாய் மாதிரி" என்பது யாருக்கும் பொருந்தும். இந்த அக்கா இந்த வருடம் உங்களுக்குச் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. எது என்று யோசிக்காமல் உடனே ஞாபகம் வருகிறதோ அது.

இரவு 11.30 என்பதையும் நினைவில் வையுங்கள். வீட்டில் ஆட்கள் தூங்கியிருப்பார்கள், அவர் குரலைத் தாழ்த்தித்தான் பதில் சொல்ல முடியும். "கமராவைப் போடுங்கோ, ஒரு பேச்சுப் பேசுங்கோ" என்று கேட்க வேண்டாம். வாழ்த்தைக் கூட்டத்தின் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். கடைசிக்கு வைத்தால் 12 தாண்டிவிடும், அவரும் களைத்துப்போவார்.

---

களுவாஞ்சி

முதல் நிமிடத்தில் சொன்னால் பிந்தி வருகிறவர்கள் தவறவிடுவார்களே? எங்கள் கூட்டங்களில் ஐந்து நிமிடம் கழித்துத்தான் எல்லோரும் வந்து சேருவார்கள்.

---

பாசிக்குடா

அதுவும் உண்மை. ரொறன்ரோக்காரர்களுக்கு மணிக்கூடு மாறி இரண்டாம் நாள், நித்திரை முறிந்துதான் வருவார்கள். நான் என்றால் முதல்நாள் குழுவுக்கு ஒரு செய்தி போடுவேன், "சரியாக ஆறுக்கு வாருங்கள், அக்காவுக்கு வாழ்த்து" என்று. அக்கா இல்லாத குழுவில்.

---

வாவிக்கரை, மார்ச் 8

உடனே ஞாபகம் வந்தது இதுதான். தை மாதம் நீரிழிவுக்கான துண்டுப்பிரசுரத்தில் "வெறுவயிறு" என்ற இடத்தில் நான் "பசியோடு" என்று எழுதியிருந்தேன். இரத்தப் பரிசோதனைக்கு வருகிற ஒரு ஆள் அதை வாசித்தால், பசிக்கவில்லை என்று நினைத்துத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்துவிடலாம். அக்கா அச்சுக்குப் போகும் முன் அதைப் பிடித்தார். எல்லோர் முன்னும் சொல்லாமல், எனக்குத் தனியாக அழைத்துச் சொன்னார். அவருக்கு அப்போது இரவு ஒரு மணி.

அதை வைத்து மறுபடி எழுதினேன்:

"அக்கா, உங்கட பிறந்தநாள் முடிய இன்னும் அரை மணித்தியாலம் இருக்கு. அதுக்குள்ள சொல்லிப்போடுறம். இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். தை மாசம் நான் 'வெறுவயிறு' எண்டதப் பிழையா எழுதினத்த, ராத்திரி ஒரு மணிக்கு எனக்குத் தனியா எடுத்துச் சொன்னீங்க. அந்த ராத்திரிய நான் மறக்கல்ல. நல்ல சுகத்தோட இருங்க அக்கா. நாங்க எல்லாரும் இங்க இருக்கம், கையக் காட்டுறம்."

சொல்லிப் பார்த்தேன், அரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு சந்தேகம். என் பிழையை எல்லோர் முன்னும் நானே சொல்வது சரிதானா? அக்கா மறைத்துவைத்ததை நான் போட்டு உடைக்கிறேனா?

---

தாழங்காய்

உங்கள் பிழையை நீங்கள் சொல்வது உங்கள் உரிமை. ஆனால் அக்காவுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

---

படுவான்கரை ஐயா

சொல்லு மகள். வாழ்த்துகிறவர் தன்னை ஒரு படி கீழே வைத்துச் சொன்னால் அது மரியாதை.

---

பூவரசு

நான் முதலில் எழுதித் தந்ததை எடுக்காவிட்டாலும் பரவாயில்லை தங்கச்சி. இது நல்லா இருக்கிறது. "வெறுவயிறு" என்ற சொல்லைச் சொல்லாமல் "ஒரு சொல்ல" என்று மட்டும் சொன்னால் அக்காவுக்கும் உங்களுக்கும் மட்டும் விளங்கும். மற்றவர்களுக்கு அது என்ன சொல் என்று தெரிய வேண்டிய தேவை இல்லை.

---

ஒலிக்கூடம்

பூவரசு அண்ணா சொன்னதை எடுங்கள், அருமையான திருத்தம்.

கடைசியாக ஒன்று. சொல்லி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு மூன்று எண்ணுங்கள். உங்கள் கடைசிச் சொல் அவருக்குப் போய், அவர் மைக்கைத் திறந்து, அவருடைய முதல் சொல் உங்களிடம் வர அவ்வளவு நேரம் வேண்டும். அந்த அமைதியில் பயந்து "அக்கா கேக்குதா?" என்று நாம் கதைத்தால் அவருடைய பதில் நம் குரலுக்குள் மாட்டிக்கொள்ளும். எழுதிய தாளை மேசையில் வைக்க வேண்டாம், கண் கீழே போகும். கமராவுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள்.

---

வாவிக்கரை, மார்ச் 11

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். 5.40க்குக் கரண்ட் போய்விட்டது. கைபேசி இணைப்பில் லப்டொப்பை மாட்டி, என் வீடியோவை மட்டும் நிறுத்தி, குரல் தெளிவாகப் போகட்டும் என்று விட்டேன். ஆறுக்கு நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருங்கிணைப்பாளர் வர 6.03. அவருக்காகக் காத்திருந்தேன்.

"அக்கா" என்று தொடங்கியதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். "அரை மணித்தியாலம்" என்று பழக்கத்தில் வந்துவிட்டது, உண்மையில் அப்போது 26 நிமிடம்தான் இருந்தது. "ஒரு சொல்லப் பிழையா எழுதினத்த" என்ற இடத்தில் அவருடைய முகத்தைப் பார்க்கவே என் குரல் கொஞ்சம் தளும்பிவிட்டது. முடித்துவிட்டு மூன்று எண்ணினேன். மூன்றில் வரவில்லை. ஐந்து, ஆறு போயிருக்கும். கதைக்கலாமா என்று நினைக்கும்போது அக்காவின் குரல் மெதுவாக வந்தது: "பக்கத்து அறையில பேரன் படுக்கிறான், சத்தமாக் கதைக்க ஏலாது. காலையில இருந்து எல்லாரும் போன்ல எழுதித்தான் அனுப்பினாங்க. இன்றைக்கு ஊர்த் தமிழ்ல வாயால சொன்ன முதல் ஆள் நீதான் புள்ள."

அக்கரைப்பற்று நானா தானாகவே மைக்கைத் திறந்து "நல்ல சுகத்தோட இருங்க அக்கா" என்றார். பிறகு அக்கா இருபது நிமிடம் வேலையைக் கதைத்துவிட்டு 12க்கு முன் போய்விட்டார்.

---

களுவாஞ்சி

சந்தோஷம் தங்கச்சி. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எங்கள் பேச்சில் வாழ்த்து. என் மச்சானுக்கும் நாலரை என்று கணக்குப் பார்த்து நேரம் தப்பி எடுத்துக்கொண்டிருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது.

---

மருதமுனையான்

நானா தானாகவே சொன்னாரே, பார்த்தீர்களா. கேட்காமல் விட்டது நல்லது.

---

தாழங்காய்

பாட்டு இல்லை என்பதால்தான் சொன்னார் என்று நான் நினைக்கிறேன். அவரைத்தான் கேட்க வேண்டும்.

---

வாவிக்கரை

அடுத்தது லண்டன் தம்பிக்கு, மார்ச் 31, அதுவும் செவ்வாய். பாசிக்குடா, அதற்கு முன் ஞாயிறு அவர்களுடைய மணிக்கூடும் மாறுகிறதே, எங்களுக்குக் கூட்டம் மறுபடி நகருமா?

---

பாசிக்குடா

நகராது. கூட்டம் ரொறன்ரோவோடுதான் கட்டியிருக்கிறது, நமக்கு ஆறுதான். தம்பிக்கு மட்டும் 12.30 இல்லாமல் 1.30 ஆகும், அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவருக்கு இப்போதே ஒரு வரி போட்டுவையுங்கள்.